வீட்டுக் கணக்கு: வாடகைக்கு விடும் முன் பழைய கிச்சனை மாற்றினால், போட்ட பணம் திரும்புமா?

பெரம்பூரில் 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அப்பார்ட்மென்ட். முதல் மாடியில் இரண்டு பெட்ரூம் வீடு. அதில் தனியாக இருந்த மாமியார் காலமான பிறகு, வீட்டை வாடகைக்கு விட நினைக்கிறார் நம் வாசகி ஒருவர். கணவர் ஓய்வுபெற்றவர், பெரிய பென்ஷன் கிடையாது. வரப்போகும் வாடகைதான் இருவரின் மருந்துச் செலவுக்கும் மளிகைக்கும். இரண்டு மாதமாக வீடு பூட்டியே கிடக்கிறது.

``பார்க்க வந்த நாலு குடும்பமும் கிச்சனைப் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சுட்டுப் போயிட்டாங்க. `மாடுலர் கிச்சன் போட்டுடலாம்மா, வாடகை தானா ஏறும்'னு பையன் சொல்றான். 2,40,000 ரூபாய்னு கொட்டேஷன் வந்திருக்கு. பேங்க்ல இருக்குற டெபாசிட்டை உடைச்சாத்தான் முடியும். உடைக்கலாமா?'' என்று கேட்டிருந்தார்.

வீட்டையும் கொட்டேஷனையும் வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி வீட்டு புரோக்கர் ஒருவரிடமும், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் இருவரிடமும் பேசினோம். இந்த வாரம் அந்தக் கணக்குதான். உங்கள் ஊரில் வாடகையும் கூலியும் வேறாக இருக்கும். ஆனால், கணக்குப் போடும் முறை இதேதான்.

முகம் சுளித்தது எதைப் பார்த்து?

முதலில் வாசகியிடம் ஒரு வேலை கொடுத்தோம். வந்து பார்த்துவிட்டுப் போன நான்கு குடும்பங்களுக்கும் போன் செய்து, `வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தீர்கள்?' என்று மட்டும் கேட்கச் சொன்னோம். நால்வருமே தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர், ``சிங்க் பக்கத்துச் சுவர் ஊறிப்போய் நாற்றம் அடிக்குது'' என்றார்கள். ஒருவர், ``ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இண்டக்‌ஷன் மூணுக்கும் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்தான் இருக்கு'' என்றார். நான்காவது குடும்பத்துக்கு கிச்சன் பிரச்னையே இல்லை. கார் நிறுத்த இடமில்லை.

ஆக, மாடுலர் கிச்சன் இல்லை என்பதற்காக யாரும் திரும்பிப் போகவில்லை. பழைய கடப்பா கல் மேடையைக்கூட யாரும் குறை சொல்லவில்லை. ஈரம், நாற்றம், ப்ளக் பாயின்ட் - இந்த மூன்றுதான் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. `கிச்சன் பழசு' என்று நாம் மொத்தமாகச் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், பல வீடுகளில் இப்படித்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு வாடகை சொல்லும் பாதி உண்மை

பையன் சொன்னதற்கும் ஓர் ஆதாரம் இருந்தது. அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி வீடு, மாடுலர் கிச்சனோடு 17,500 ரூபாய்க்குப் போயிருக்கிறது. பழைய கிச்சனோடு இருக்கும் தரைத்தள வீட்டின் வாடகை 15,000. `அப்போ கிச்சனுக்கு மட்டும் 2,500 ரூபாய் ஏறுதே' என்பது அவர் வாதம்.

புரோக்கரிடம் கேட்டபோது மீதிக் கதை தெரிந்தது. இரண்டாவது மாடி வீட்டில் இரண்டு பெட்ரூமிலும் ஏ.சி இருக்கிறது, பாத்ரூமும் புதிது, மூடிய கார் பார்க்கிங்கும் உண்டு. ``கிச்சனுக்குன்னு பார்த்தா இந்தத் தெருவுல ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பாங்க. அதுக்கு மேல போனா பக்கத்துத் தெருவுல வீடு பார்ப்பாங்க'' என்றார் அவர்.

உங்கள் பகுதியில் விசாரிக்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். விளம்பரத்தில் போட்ட வாடகை எவ்வளவு என்பதைவிட, கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது என்பது முக்கியம். வீடு எத்தனை நாள் காலியாக இருந்தது என்பது அடுத்தது. கிச்சன் தவிர அந்த வீட்டில் வேறு என்னென்ன கூடுதலாக இருக்கிறது என்பது மூன்றாவது. ஒரே புரோக்கரோடு நிறுத்தாமல், இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் ஓரளவு சரியான எண் கிடைத்துவிடும்.

செலவை மூன்றாகப் பிரியுங்கள்

2,40,000 ரூபாயை ஒரே மூட்டையாகப் பார்த்தால் `போடலாமா, வேண்டாமா' என்ற குழப்பம்தான் மிஞ்சும். அதனால் மூன்று படிகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு படிக்கும், முந்தைய படியைவிட எவ்வளவு கூடுதல் செலவு, எவ்வளவு கூடுதல் வாடகை என்று தனித்தனியாகப் பார்த்தோம். இப்போதிருக்கும் நிலையில் வீட்டை விட்டால் புரோக்கர் சொல்லும் வாடகை 14,000. அதற்கும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

முதல் படி, கண்ணுக்குத் தெரியாத வேலைகள். துருப்பிடித்த ஜி.ஐ பைப்பை எடுத்துவிட்டு சி.பி.வி.சி பைப் போட 14,000. புது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க், குழாய், கழிவுநீர்க் குழாய்க்கு 7,000. ஊறிய சுவரைக் கொத்தி, நீர்க்கசிவைச் சரிசெய்து பூச 12,000. புது வயரிங், ப்ளக் பாயின்ட்களுக்கு 15,000. மொத்தம் 48,000. இதைச் செய்தால் 15,000 வாடகைக்கு விடலாம்.

இரண்டாம் படி, கண்ணுக்குத் தெரியும் எளிய வேலைகள். பழைய மேடைக்கு மேல் கறுப்பு கிரானைட், மேடைக்கு மேலே சுவரில் இரண்டடி உயரத்துக்கு டைல்ஸ், மேடைக்குக் கீழே இருக்கும் கடப்பா பலகைகளை அப்படியே வைத்துக்கொண்டு அலுமினியக் கதவுகள், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், பெயின்ட். இதற்குக் கூடுதலாக 36,000. வாடகை 16,000 ஆகும்.

மூன்றாம் படி, முழு மாடுலர் கிச்சனும் சிம்னியும். மொத்தம் 2,40,000. முதல் இரண்டு படிகளின் 84,000 போக, இதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுப்பது 1,56,000. வாடகை 17,000 ஆகும்.

இப்போது கணக்கு

இரண்டு விஷயங்களை நாம் வழக்கமாக மறந்துவிடுகிறோம். ஒன்று, வருடம் முழுக்க வாடகை வராது. ஆள் மாறும்போது வீடு காலியாக இருக்கும். அதனால் வருடத்துக்கு 11 மாத வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 1,000 ரூபாய் கூடினால் வருடத்துக்கு 11,000. இன்னொன்று, உடைக்கும் டெபாசிட் சும்மா இருந்த பணம் இல்லை. வாசகியின் டெபாசிட் 7 சதவிகித வட்டியில் இருக்கிறது. அந்த வட்டி நிற்பதும் செலவுதான்.

முதல் படிக்கு 48,000. ஆனால், வீடு இப்படியே இருந்தால் இன்னும் இரண்டு மாதமாவது காலியாகக் கிடக்கும் என்கிறார் புரோக்கர். அது 28,000 ரூபாய் நஷ்டம். அது மிச்சமாவதால், வாடகை உயர்விலிருந்து எடுக்க வேண்டியது 20,000 மட்டுமே. அதற்கான வட்டி வருடத்துக்கு 1,400 போனால், 11,000-ல் 9,600 கையில் நிற்கும். சுமார் இரண்டு வருடத்தில் பணம் திரும்பிவிடும்.

இரண்டாம் படிக்கு 36,000. வட்டி இழப்பு வருடத்துக்கு 2,520. கையில் நிற்பது 8,480. நான்கேகால் வருடத்தில் திரும்பும். கிரானைட்டும் டைல்ஸும் அதைப் போல் பல மடங்கு காலம் உழைக்கும். அதனால் இதுவும் சரிதான்.

மூன்றாம் படிக்கு 1,56,000. வட்டி இழப்பு வருடத்துக்கு 10,920. கூடுதல் வாடகை 11,000. மிச்சம் வருடத்துக்கு 80 ரூபாய்!

வட்டியையே விட்டுவிட்டாலும், 1,56,000 ரூபாயை 11,000-ஆல் வகுத்தால் 14 வருடத்துக்கு மேல் வருகிறது. அவருக்கு வந்த கொட்டேஷனில் இருப்பது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளை அழுத்திச் செய்யும் இந்தப் பலகை, சிங்க்குக்குக் கீழே ஒருமுறை தண்ணீர் கசிந்து நின்றால் ஊதிப் பெருத்துவிடும். திரும்பப் பழைய நிலைக்கு வராது. கீல் பிடித்திருக்கும் இடம் உதிர்ந்து கதவு தொங்கும். ஆட்கள் மாறி மாறிப் புழங்கும் வாடகை வீட்டில் அது 14 வருடம் தாங்கும் என்று நம்ப முடியாது.

`அப்படியானால் எவ்வளவு வாடகை ஏறினால் மாடுலர் கட்டுப்படியாகும்?' என்று திருப்பிக் கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. எட்டு வருடத்தில் பணத்தை எடுக்க வேண்டும் என்றால், 1,56,000-ஐ எட்டால் வகுத்து 19,500. அதோடு வட்டி 10,920 சேர்த்தால் வருடத்துக்கு 30,420. பதினொரு மாதத்தால் வகுத்தால், மாதம் சுமார் 2,800 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதால் வட்டி இழப்பும் குறைந்துகொண்டே வரும் என்று கணக்கிட்டால்கூட 2,400 ரூபாய் வேண்டும். ``18,400-க்கு இந்த வீட்டுக்கு ஆள் வருவாங்களா?'' என்று புரோக்கரிடம் கேட்டோம். சிரித்தார்.

மாடுலர் லாபமாகும் இடங்களும் உண்டு

இதைப் படித்துவிட்டு `மாடுலர் கிச்சனே வேண்டாம்' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலை போல ஐ.டி நிறுவனங்களை ஒட்டிய பகுதிகளில், ஒரு குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளிலும் மாடுலர் இருந்தால், அது இல்லாத வீடு வரிசையில் கடைசியில்தான் நிற்கும். அங்கே மாடுலரின் பலன் கூடுதல் வாடகையில் இல்லை. காலியாக இருக்கும் மாதங்கள் குறைவதில்தான் இருக்கிறது. 25,000 ரூபாய் வாடகை வீடு வருடத்துக்கு இரண்டு மாதம் காலியாக இருப்பதும், அரை மாதம் காலியாக இருப்பதும் ஒன்றில்லையே. இரண்டுக்கும் இடையே 37,500 ரூபாய் வித்தியாசம்.

நாளை நீங்களோ பிள்ளைகளோ அங்கே குடியேறப் போகிறீர்கள் என்றாலும் கணக்கு மாறும். அப்போது அது உங்கள் வசதிக்கான செலவு. வாடகையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

டைல்ஸ் ஒட்டும் முன் ஈரம் எங்கிருந்து என்று பாருங்கள்

முதல் படியில் பணம் வீணாகும் ஆபத்து ஒன்றே ஒன்றுதான். ஈரத்தின் காரணம் தெரியாமல் மேலே டைல்ஸ் ஒட்டுவது. கொஞ்ச நாளில் ஈரம் பக்கத்துச் சுவரில் தலைகாட்டும். டைல்ஸும் உப்பிக்கொண்டு வரும்.

கண்டுபிடிக்க பிளம்பர் ஒரு வழி சொன்னார். ஈரமான இடத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுவிட்டு, கிச்சனுக்கு வரும் கேட் வால்வை மூடிவிடுங்கள். வீடு காலியாக இருப்பதால் இதைச் செய்வது சுலபம். சில நாளில் கோட்டுக்குள் சுவர் காயத் தொடங்கினால், கசிவது நம் வீட்டுத் தண்ணீர் பைப் அல்லது கழிவுநீர்க் குழாய். எது என்று பார்க்க, வால்வை மூடியபடியே சிங்க்கை வாளித் தண்ணீரால் நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். இதைச் சில முறை செய்த பிறகு ஈரம் பரவினால், கழிவுநீர்க் குழாயில்தான் கோளாறு. பரவாவிட்டால் தண்ணீர் பைப்.

தண்ணீரை நிறுத்தியும் ஈரம் குறையவில்லையா? மேல் வீட்டிலிருந்தோ, வெளிச்சுவரிலிருந்தோ, பொதுக் குழாயிலிருந்தோ வருகிறது என்று அர்த்தம். அப்போது உங்கள் கிச்சனில் எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை. மேல் வீட்டுக்காரரோடும் அசோசியேஷனோடும் பேசி அதை முதலில் சரிசெய்ய வேண்டும். நம் வாசகி வீட்டில் கழிவுநீர்க் குழாய் இணைப்பில்தான் கசிவு.

காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வந்தாலோ, மற்ற குழாய்களில் நன்றாக வரும் தண்ணீர் கிச்சனில் மட்டும் மெலிந்து வந்தாலோ, ஜி.ஐ பைப் உள்ளே துருவால் அடைந்திருக்கிறது. புது பைப் போட்டதும், சுவரை மூடும் முன்பே தண்ணீரை அழுத்தத்தில் விட்டு இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். பூசிய பிறகு தெரியவரும் கசிவுக்கு, பைப் செலவைவிடக் கொத்திப் பூசும் செலவுதான் அதிகம்.

வயரிங்கும் அப்படித்தான், டைல்ஸுக்கு முன்பே முடிய வேண்டும். பழைய கிச்சன்களில் இருப்பது 5 ஆம்பியர் பாயின்ட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அந்த பாயின்ட் சூடாகிக் கருகுவதில் ஆச்சர்யமில்லை. 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டாவது வேண்டும். அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி வேண்டும். பழைய வயரின் நுனியில் புது சாக்கெட்டை மட்டும் மாட்டினால் ஆபத்து அப்படியேதான் இருக்கும். வீட்டில் ஆர்.சி.சி.பி இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் கருவி அது. இதற்கு வாடகை ஏறுமா என்று பார்க்கக் கூடாது. ஈரக் கையோடு புழங்கும் இடம் அது.

அட்வான்ஸ் பணத்தில் வேலை செய்யலாமா?

`டெபாசிட்டை உடைக்க வேண்டாம், வர்றவங்க அட்வான்ஸை வாங்கி மாடுலர் போட்டுடலாம்' என்பது பையனின் அடுத்த யோசனை. அட்வான்ஸ் நம் வருமானம் இல்லை. திருப்பித் தர வேண்டிய கடன். குடியிருப்பவர் எப்போது காலி செய்வார் என்பது நம் கையில் இல்லை. பணம் அலமாரியாக மாறிவிட்ட பிறகு, அவர் கிளம்பும் மாதத்தில் வெளியே வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

தவிர, தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 16,000 வாடகைக்கு அது 48,000. பத்து மாத அட்வான்ஸை நம்பி பட்ஜெட் போடுவது சரிவராது.

வருமான வரி விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. `ரிப்பேர் பில்லைக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம்' என்பார்கள். வாடகை வருமானத்தில், நாம் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவிகிதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்க ஏற்கெனவே அனுமதி உண்டு. கிச்சனுக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும், இரண்டு லட்சம் செலவழித்தாலும் அந்த 30 சதவிகிதம்தான். அதனால், வரி மிச்சமாகும் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாவி கொடுக்கும் முன்

வாசகி முதல் இரண்டு படிகளோடு நிறுத்திக்கொள்ளப் போகிறார். 84,000 ரூபாய், சுமார் இரண்டு வார வேலை. டெபாசிட்டில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ``ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, மாடுலர் இல்லாததால ஆள் வரலைனா அப்போ போட்டுக்கட்டும்'' என்று பையனிடம் சொல்லிவிட்டாராம். பைப்பும் வயரிங்கும் கிரானைட்டும் அப்போதும் பயன்படும். கழற்ற வேண்டியது அலுமினியக் கதவுகள் மட்டும்தான்.

வேலை முடிந்து ஆள் வரும்போது இன்னொன்று மிச்சமிருக்கிறது. அதே வாடகைச் சட்டத்தின் அட்டவணை, பராமரிப்பை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், தேவைப்படும்போது பைப்பையும் வயரிங்கையும் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கிச்சனில் பொருத்தியிருப்பவை, அலமாரிப் பூட்டு, கைப்பிடி ஆகியவற்றைச் சரிசெய்வது குடியிருப்பவர் பொறுப்பு. நடைமுறையில் சண்டை வருவதெல்லாம் இந்த இரண்டாவது பட்டியலில்தான்.

அதனால் குடிவரும் நாளில், புது சிங்க், குழாய், ஒவ்வொரு கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன், ப்ளக் பாயின்ட் எல்லாவற்றையும் ஓடவிட்டு, திறந்து காட்டி, தேதியோடு படமெடுத்து, என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். ஆள் குடிவந்த பிறகு மாடுலர் போன்ற மேம்பாட்டு வேலை செய்து அதற்காக வாடகையை உயர்த்த நினைத்தால், வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். முடித்த பிறகு `இவ்வளவு செலவாச்சே' என்று கேட்டால், கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.